மாதம் ரூ.14,000-ஐ விட்டு ரூ.13.77 லட்சம் வாங்கியவர்: ஒரு புதுச்சேரி பென்ஷன் கணக்கு

லாஸ்பேட்டையில் குடியிருக்கும் இவர் புதுச்சேரி அரசில் கண்காணிப்பாளராக இருந்து 2024 ஜூன் 30 அன்று, 60 வயது முடிந்து ஓய்வு பெற்றார். 2004-க்கு முன்பே பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய பென்ஷன். கடைசி அடிப்படைச் சம்பளம் 70,000 ரூபாய், அதில் பாதி 35,000 அடிப்படை பென்ஷன். மாதப் பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக மொத்தத் தொகை வாங்குவதுதான் கம்யூட்டேஷன். அதற்கு 40 சதவீதத்தை எழுதிக் கொடுத்தார். செப்டம்பர் 12 அன்று 13 லட்சத்து 76 ஆயிரத்து 592 ரூபாய் கணக்கில் ஏறியது. டிசம்பர் மாதப் பென்ஷன் வந்தபோதுதான் என்னிடம் வந்தார். கையில் பாஸ்புக், பென்ஷன் வழங்கும் ஆணையான பி.பி.ஓ.வின் நகல்.

"சார், 14,000 பிடிப்பாங்கன்னு தெரியும். ஆனா 21,000-க்கு மேல பிடிச்ச மாதிரி இருக்கே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் அதைச் சரிசெய்து முடித்த பிறகும் அவருடைய கணக்கில் பேச வேண்டிய விஷயம் மிச்சமிருந்தது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன். பெயரும் வங்கியும் வேண்டாம்.

தொகை எப்படி வந்தது

விட்டுக்கொடுக்கும் மாதத் தொகையை 12-ஆல் பெருக்கி, அதை மறுபடி ஒரு காரணியால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். காரணி, அடுத்த பிறந்தநாளில் என்ன வயது வரும் என்பதைப் பொறுத்தது. 60-ல் ஓய்வு பெறுபவருக்கு அடுத்த பிறந்தநாள் 61, அதற்கான காரணி 8.194. மத்திய அரசு 2008-ல் மாற்றியமைத்த அட்டவணையில் உள்ள எண் இது. இவர் விட்டது 35,000-ல் 40 சதவீதம், அதாவது 14,000.

```
14,000 × 12 × 8.194 = 13,76,592
```

இதையே இன்னும் எளிதாக மனதில் வைத்துக்கொள்ளலாம். 12-ஐயும் 8.194-ஐயும் பெருக்கினால் 98.328. மாதம் ஒரு ரூபாய் விட்டால் கையில் 98 ரூபாய் 33 பைசா வரும். எவ்வளவு பணம் தேவையோ அதை 98.328-ஆல் வகுத்தால் மாதம் எவ்வளவு விட வேண்டும் என்பது தெரிந்துவிடும். இந்த வகுத்தலை ஓய்வுக்கு முன் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. படிவத்தில் சதவீதம் கேட்கும் இடத்தில் எல்லோரும் 40 என்று எழுதுகிறார்கள், இவரும் அப்படித்தான் எழுதினார்.

அந்த 40-க்கு முன்னால் ஒரு குழப்பமும் இருந்தது. கடலூரில் தமிழக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற இவருடைய மச்சான், "மூணுல ஒரு பங்குதான் தருவாங்க, அதுக்கு மேல கேட்டா ஃபைலைத் திருப்பிடுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு அது உண்மை. தமிழக அரசு ஊழியருக்கு உச்சவரம்பு மூன்றில் ஒரு பங்கு. புதுச்சேரி அரசு ஊழியருக்கு மத்திய அரசின் 1981-ஆம் ஆண்டு கம்யூட்டேஷன் விதிகள் பொருந்துவதால் வரம்பு 40 சதவீதம். ஒரே குடும்பத்தில் ஒருவர் கடலூர்க் கருவூலத்திலும் இன்னொருவர் புதுச்சேரிக் கருவூலத்திலும் பென்ஷன் வாங்கும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. ஒருவர் கணக்கை இன்னொருவருக்குப் போட்டுக் குழம்புவது வாடிக்கை.

32,130 ஏன் வந்தது

பாஸ்புக்கில் டிசம்பர் பென்ஷனாக ஏறியிருந்தது 32,130 ரூபாய். வர வேண்டியது 39,550.

கம்யூட்டேஷனில் குறைவது அடிப்படை பென்ஷனில் இருந்து அந்த 14,000 மட்டும். அகவிலைப்படி குறையாது. அது எப்போதும் முழு 35,000-க்குத்தான் கணக்கிடப்படும், 21,000-க்கு அல்ல. 2024 ஜூலை முதல் அந்த டிசம்பர் வரை அகவிலைப்படி 53 சதவீதமாக இருந்தது. 35,000-க்கு 53 சதவீதம் 18,550. ஆக 21,000-ம் 18,550-ம் சேர்த்து 39,550. கம்யூட் செய்யாமலே இருந்திருந்தால் 35,000-ம் 18,550-ம் சேர்ந்து 53,550 வந்திருக்கும். இரண்டுக்கும் இடையில் சரியாக 14,000 வித்தியாசம். அதற்கு மேல் ஒரு ரூபாய் குறைந்தாலும் எங்கோ பிழை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவருக்கு என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க வங்கிக்குக்கூடப் போக வேண்டியிருக்கவில்லை. வந்த 32,130-ல் இருந்து 21,000-ஐக் கழித்தால் அகவிலைப்படி 11,130. அதை 53-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 21,000. கம்யூட்டேஷன் பணம் கொடுத்த நாளில் யாரோ கணினியில் அடிப்படை பென்ஷனையே 21,000 என்று திருத்திவிட்டார்கள். அடிப்படை பென்ஷனை 35,000 என்றே விட்டுவிட்டு, பிடித்தம் என்ற தனி வரியில் 14,000 போட்டிருக்க வேண்டும். பிடித்தம் தனி வரியில் நிற்காவிட்டால் மென்பொருள் அகவிலைப்படியை எதற்குப் போடும்? 21,000-க்குத்தான்.

மாதம் 7,420 ரூபாய் இழப்பு. செப்டம்பர் 12 முதல் டிசம்பர் முடிய, ஏறத்தாழ 26,960 ரூபாய். இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு முறை அகவிலைப்படி ஏறும்போதும் இழப்பும் சேர்ந்து ஏறியிருக்கும்.

மனுவில் மூன்று வரிதான் எழுதினோம். பி.பி.ஓ.வில் அடிப்படை பென்ஷன் 35,000, கம்யூட் செய்தது 14,000, அகவிலைப்படி 35,000-க்குக் கணக்கிட்டு நிலுவையுடன் தரவும். பி.பி.ஓ.வின் அந்தப் பக்கத்தையும் டிசம்பர் பாஸ்புக் பக்கத்தையும் இணைத்தோம். முதலில் கவுன்டரில், "கம்யூட்டேஷன் வாங்கினா குறையத்தான் செய்யும்" என்று பதில். வகுத்த கணக்கைக் காட்டியதும் பென்ஷன் பிரிவுக்கு அனுப்பினார்கள், அடுத்த பென்ஷனோடு நிலுவை வந்தது. இந்த மாதிரி விவகாரத்தில் நீளமாக எழுதும் மனுவைவிட, 11,130-ஐ 53-ஆல் வகுத்த அந்த ஒரு வரி அதிகம் வேலை செய்யும்.

பிடித்தம் எந்தத் தேதியில் இருந்து

நிலுவைக் கணக்கைப் போடும்போது இன்னொரு தேதியும் முக்கியமானது. பணம் கணக்கில் வந்த நாளில் இருந்துதான் 14,000 பிடிக்கலாம். கம்யூட்டேஷன் ஆணை பிறப்பித்து மூன்று மாதம் ஆகியும் பணம் வரவில்லை என்றால், அந்த மூன்று மாத முடிவில் இருந்து பிடிப்பார்கள். ஓய்வு பெற்று முதல் மாதத்துக்குள்ளேயே பணம் கைக்கு வந்துவிட்டால் முதல் பென்ஷனிலேயே குறைப்பு தொடங்கிவிடும். இவருக்கு ஜூலையும் ஆகஸ்டும் முழு பென்ஷன் வந்தது. செப்டம்பரில் 12-ஆம் தேதி முதல் 19 நாளுக்கு மட்டும் பிடித்தம், 8,867 ரூபாய். அது சரியாகவே இருந்தது.

இந்தத் தேதியில் இருந்துதான் 15 ஆண்டு எண்ணப்படும். 15 ஆண்டு முடிந்ததும் பிடித்தம் நின்று முழு பென்ஷன் திரும்பி வரும். இவருக்கு அது 2039 செப்டம்பர் 12, வயது 75. ஓய்வு பெற்ற தேதியில் இருந்து எண்ணி ஜூலையில் போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், யாரும் எண்ணாமல் விட்டு 16-வது ஆண்டிலும் பிடித்தம் ஓடிக்கொண்டிருப்பது. வங்கி தானாகவே நிறுத்த வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் கிளை மாறியிருக்கும், மென்பொருள் மாறியிருக்கும். பி.பி.ஓ.வின் உங்கள் நகலில் பணம் வந்த தேதியையும் பிடித்தம் முடியும் தேதியையும் பேனாவால் எழுதி, பணம் ஏறிய அந்தப் பாஸ்புக் பக்கத்தின் நகலை அதோடு தைத்து வைப்பது நல்லது.

15 ஆண்டு என்பதும் தானாக வந்ததல்ல. ஒரு காலத்தில் விற்ற பென்ஷன் விற்றதுதான், ஆயுள் முழுக்கத் திரும்பாது. 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் 15 ஆண்டுக்குப் பிறகு திருப்பித் தரச் சொன்னது. ஐந்தாவது ஊதியக் குழு 12 ஆண்டாகக் குறைக்கப் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. சங்கங்கள் இன்றுவரை அதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

கடனா, விற்பனையா

பிழை சரியானதும் அவர் நிம்மதியாகக் கிளம்பியிருக்கலாம். ஆனால் "இதுல நான் ஜெயிச்சேனா தோத்தேனா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர் பணத்தை என்ன செய்தார் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

கிராஜுவிட்டியும் விடுப்பு ஒப்படைப்புப் பணமும் மகள் கல்யாணத்துக்கும் வீட்டு மாடிக்கும் ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று. அதற்கு முன்பே ரெண்டு வட்டிக்கு வெளியே வாங்கிய ஆறு லட்சம் நின்றது. ரெண்டு வட்டி என்றால் நூறுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆறு லட்சத்துக்கு மாதம் 12,000. கம்யூட்டேஷன் பணத்தில் முதலில் அதை அடைத்தார். மீதி ஏழரை லட்சத்துச் சொச்சத்தை வங்கியில் ஏழரை சதவீத டெபாசிட்டில் போட்டார்.

இப்போது 14,000-ஐ இரண்டாக உடைத்துப் பார்க்கலாம். கடனை அடைக்க 18 சதவீதம் கம்யூட் செய்திருந்தாலே போதும். மாதம் 6,300 விட்டால் 6,19,467 ரூபாய் வந்திருக்கும். மாதம் 12,000 வட்டி கட்டி, அசலும் அப்படியே நின்ற இடத்தில், இப்போது 6,300 மட்டும் போகிறது, அசலும் தீர்ந்தது. இதில் அவர் தெளிவாக ஜெயித்தார். இதைவிட நல்ல காரியத்துக்குக் கம்யூட்டேஷன் பயன்பட முடியாது.

மிச்சமுள்ள 22 சதவீதம் வேறு கதை. அதற்காக மாதம் 7,700 விடுகிறார், அதற்கு ஈடாக வந்தது 7,57,125 ரூபாய். ஏழரை சதவீத வட்டியில் அந்தப் பணம் மாதத்துக்கு 4,732 ரூபாய்தான் ஈட்டும். "ஆனா அசல் என்கிட்டயே இருக்கே" என்றார். இருக்கிறது, ஆகவே வட்டியை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. அதனால் இப்படிப் பார்த்தோம். டெபாசிட்டில் இருந்து, விட்டுக்கொடுத்த அதே 7,700-ஐ மாதாமாதம் எடுத்துச் செலவு செய்தால் பணம் எத்தனை நாள் தாங்கும்? 12 வருடம் 9 மாதம். பிடித்தமோ 15 வருடம். கடைசி இரண்டேகால் வருடம் பிடித்தம் ஓடும், டெபாசிட்டில் ஒன்றும் இருக்காது. ஏறத்தாழ இரண்டு லட்சம் துண்டு விழும்.

இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் விரித்தால் முழு ஏற்பாட்டின் வட்டியும் கிடைத்துவிடும். ஒவ்வொரு ரூபாய்க்கும் 98.33 ரூபாய் வாங்கி, மாதம் ஒரு ரூபாயாக 180 மாதம் திருப்பிக் கொடுப்பது, 15 ஆண்டும் உயிரோடு இருப்பவருக்கு ஆண்டுக்கு 9 சதவீதத்தைச் சற்றே தாண்டும் வட்டிக்குச் சமம். வட்டியே சேர்க்காமல் பார்த்தால் 98 மாதத்தில், அதாவது எட்டேகால் வருடத்துக்குள், வாங்கிய பணம் திரும்பிவிடும். பென்ஷனர் கூட்டங்களில் இதைத்தான் சொல்லிக் கொதிக்கிறார்கள். அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயம். பதிமூன்றே முக்கால் லட்சத்தை யாரும் வட்டியில்லாமல் தர மாட்டார்கள். அட்டவணையே 8 சதவீத வட்டியையும் எல்.ஐ.சி.யின் இறப்புப் பட்டியலையும் வைத்துப் போட்டது. 8 சதவீதத்தில் கணக்கிட்டால் கடன் 13 வருடம் 4 மாதத்தில் அடையும். அதற்கு மேல் பிடிக்கும் ஒன்றரை வருடத்துச் சொச்சம், இடையில் இறந்துபோகிறவர்களிடம் வசூலாகாத தொகையை ஈடுகட்டுகிறது.

ஆம், இறந்தால் பாக்கி ரத்து. ஐந்தாம் ஆண்டில் ஏதாவது ஆனால், மீதிப் பத்தாண்டுப் பிடித்தத்தை மனைவியிடம் யாரும் கேட்க முடியாது. இதை ஒரு சாதாரண வங்கிக் கடனோடு வைத்துப் பார்க்கும்போது பலர் மறந்துவிடுகிறார்கள். ஜாமீன் இல்லை, தவணை தவறும் பயம் இல்லை, ஆள் போனால் கடனும் போகும். 9 சதவீதத்தில் இந்தச் சலுகையோடு கிடைக்கும் கடன், அதைவிட அதிக வட்டியுள்ள கடனை அடைக்க நல்லது. அதைவிடக் குறைந்த வட்டி தரும் டெபாசிட்டில் போட நல்லதல்ல.

ஒன்று மட்டும் பென்ஷனருக்குச் சாதகமாக நிற்கிறது. பிடிக்கும் 14,000 என்பது ரூபாய்க் கணக்கில் உறைந்துபோன தொகை. அகவிலைப்படி ஏறும், ஊதியக் குழு வந்தால் அடிப்படை பென்ஷனும் ஏறும், பிடித்தம் ஏறாது. 2016-ல் பழைய பென்ஷனர்களின் முழு அடிப்படை பென்ஷனும் 2.57 மடங்காக்கப்பட்டபோது, கம்யூட் செய்த தொகை மட்டும் பழைய ரூபாயிலேயே கழிந்தது. பத்து வருடம் கழித்து 14,000 இன்றைய 14,000 போலக் கனக்காது. எனினும் டெபாசிட்டில் இருக்கும் பணத்தையும் அதே விலைவாசிதான் தின்னும் என்பதால், இதை வைத்துக் கம்யூட்டேஷன் லாபம் என்று சொல்லிவிட முடியாது.

வீட்டில் கேட்டது

கூட வந்திருந்த அவர் மனைவி அதுவரை பேசவில்லை. "அண்ணே, இவருக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா எனக்கு வர்றதுலயும் இந்த 14,000 பிடிப்பாங்களா?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் இத்தனை நாள் இதைத்தான் மனதில் வைத்திருந்தார் என்று தெரிந்தது.

பிடிக்க மாட்டார்கள். குடும்ப பென்ஷனுக்கும் கம்யூட்டேஷனுக்கும் தொடர்பே கிடையாது. சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், இவர்களுக்கு 21,000, அதற்கு அகவிலைப்படி. ஆனால் கணவர் 67 வயதை எட்டுவதற்கு முன் இறந்தால், 67 ஆகியிருக்க வேண்டிய நாள் வரையோ ஏழு ஆண்டு வரையோ, எது முந்தியதோ அதுவரை, கூடுதல் விகிதத்தில் தருவார்கள். சம்பளத்தில் பாதி, இவர்களுக்கு 35,000, முழு அகவிலைப்படியோடு. கணவர் உயிரோடு இருக்கும்போது 39,550, அவர் இல்லாமல் போனால் மனைவிக்கு அதே 53 சதவீத அகவிலைப்படியில் 53,550. கணக்கு இப்படியும் வரும் என்று சொன்னதும் மனைவி, "அப்படி ஒண்ணும் வேண்டாம்" என்று வெடுக்கென்று சொன்னார்.

(தற்செயலான ஒரு ஒற்றுமை: சாதாரணக் குடும்ப பென்ஷன் 21,000-ம் அதற்கு 53 சதவீதமும் சேர்ந்தால் 32,130. வங்கி தவறாகக் கொடுத்த அதே தொகை. உயிரோடு இருக்கும் மனிதருக்கு அவருடைய விதவைக்கு உரிய பென்ஷனைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.)

இனி செய்யக்கூடியது

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து 22 சதவீதத்தைக் கழித்துவிட முடியாது. ஓய்வுக்கு முன், விண்ணப்பம் இறுதியாவதற்குள், 40-ஐ 18 என்று திருத்திக் கொடுத்திருக்கலாம். வேறு வழியும் இருந்தது. அவசரமில்லை என்றால் ஓய்வுக்குப் பிறகு ஓராண்டு வரை யோசித்து விண்ணப்பித்தாலும் மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஓராண்டு தாண்டினால் மருத்துவக் குழு முன் நிற்க வேண்டும். உடல்நிலை சரியில்லை என்று அவர்கள் கருதினால் வயதில் சில ஆண்டு கூட்டி எழுதலாம், அப்போது காரணி இறங்கும். பரிசோதனையே இல்லாவிட்டாலும் ஒரு பிறந்தநாள் கடந்தால் 8.194 என்பது 8.093 ஆகிவிடும்.

இவருக்கு மிச்சமிருந்தது பணத்தை இடம் மாற்றுவது மட்டும். டெபாசிட்டை முறித்து 7,57,000 ரூபாயை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். அப்போது அங்கே வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 15,518 ரூபாய். இந்த வட்டி 15 ஆண்டும் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் 7,700 எடுத்தாலும் பணம் 13 வருடம் 7 மாதம் தாங்கும். ஆனால் திட்டத்தின் காலம் ஐந்து ஆண்டு, நீட்டிக்கும்போது அன்றைய விகிதம்தான். கம்யூட்டேஷன் தொகைக்கு அரசு ஊழியருக்கு வருமான வரி இல்லை, இந்த வட்டிக்கு உண்டு. அவருடைய மொத்த வருமானம் வரி வரம்புக்குள் வராததால் அது இப்போதைக்குத் தொந்தரவு இல்லை.

9-ஐ எட்டவில்லை என்பது அவருக்கும் தெரியும். "மாடி வேலைல மிச்சம் எதாவது வந்தா அதையும் இதுலயே போட்டுடறேன்" என்றார். மனைவி பி.பி.ஓ. நகலை வாங்கிப் பார்த்து, 2039 என்று எழுதியிருந்த இடத்தில் மாதத்தையும் தேதியையும் கேட்டு எழுதிக்கொண்டார்.